மாலையில் 155 வோல்ட்: ஃபிரிட்ஜுக்கு எந்த ஸ்டெபிலைசர்?

கேள்வி: தட்டோனில் வீட்டோடு சேர்த்து இட்லிக் கடை வைத்திருக்கிறேன். மாவும் பாலும் வைக்க 250 லிட்டர் இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ் வாங்கினேன். பின்பக்கச் சீட்டில் 220–240 வோல்ட், 1.1 ஆம்பியர் என்று இருக்கிறது. மாலை ஏழு மணிக்கு மீட்டர் வைத்துப் பார்த்தால் 155 வோல்ட்தான், நள்ளிரவில் 235. கரண்ட் போய் உடனே வந்தால் ஃபிரிட்ஜ் உறுமுகிறது, பிறகு ‘டக்’ என்று நின்றுவிடுகிறது. கடைக்காரர் 500 வி.ஏ. ஸ்டெபிலைசர் போதும் என்கிறார். அதில் உள்ள 3 நிமிடத் தாமதத்தைச் சின்ன பட்டனில் 5 விநாடிக்கு மாற்றிக்கொள்ளவும் சொல்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் தன் பழைய கைத்திருகு ஸ்டெப்-அப்பைத் தருகிறேன் என்கிறார். எதை வைப்பது?

பதில்: முதலில், பக்கத்து வீட்டு ஸ்டெப்-அப் வேண்டாம். அதை அன்போடு மறுத்துவிடுங்கள். மாலையில் 155-ஐ 220 ஆக்க அதன் திருகை வைத்தால், அது உள்ளே வருவதை 1.42 மடங்காகப் பெருக்கிக்கொண்டே இருக்கும். நீங்கள் தூங்கிய பிறகு ஊரில் விளக்கணைந்து 235 வந்தால், ஃபிரிட்ஜுக்குப் போவது 334 வோல்ட். கைத்திருகுப் பெட்டிகளால் ஃபிரிட்ஜ் எரிவது பெரும்பாலும் குறைந்த வோல்டேஜ் நேரத்தில் அல்ல, இப்படி நள்ளிரவில்தான். விடிய விடியப் பக்கத்தில் உட்கார்ந்து திருகை மாற்ற ஆள் இருந்தால்தான் அது பயன்படும். கடைகளில் சேஃப்கார்ட் என்று விற்கும் சிறு பெட்டியும் உங்களுக்கு உதவாது. வோல்டேஜ் எல்லை மீறினால் அது துண்டிக்கும், அவ்வளவுதான், உயர்த்தித் தராது. 155-ல் அது மாலை முழுக்கத் துண்டித்தே வைத்திருக்கும், மாவு புளித்துப்போகும்.

உங்களுக்கு வேண்டியது தானியங்கி ஸ்டெபிலைசர்: 1000 வி.ஏ., உள்வாங்கும் எல்லை கீழே 130 அல்லது 140 வோல்ட் வரை, 3 நிமிடத் தாமதம் உள்ளது. கடைக்காரரின் 500-ஐ ஏன் ஏற்கவில்லை என்பதைக் கணக்கோடு சொல்கிறோம். வேறு ஃபிரிட்ஜ் வைத்திருப்பவர்களும் தங்கள் எண்ணைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் ஃபிரிட்ஜ் ஓடும்போது 1.1 ஆம்பியர் இழுக்கிறது. 230 வோல்ட்டால் பெருக்கினால் 253 வி.ஏ. (சீட்டில் ஆம்பியர் இல்லாமல் வாட் மட்டும் இருந்தால், வாட்டை 220-ஆல் வகுத்து வருவதை ஒன்றரையால் பெருக்குங்கள், ஃபிரிட்ஜ் மோட்டாருக்கு அது ஏறக்குறையச் சரியாக வரும்.) 253-க்கு 500 தாராளம் என்று தோன்றும். கடைக்காரர் பார்த்ததும் இந்தக் கணக்கைத்தான். அதில் இரண்டு விஷயம் விடுபட்டுவிட்டது.

ஒன்று, பெட்டியின் மேல் எழுதியிருக்கும் வி.ஏ. உள்ளே நல்ல வோல்டேஜ் வரும்போது உள்ள அளவு. ஸ்டெபிலைசருக்குள் இருப்பது செம்பு அல்லது அலுமினியக் கம்பி சுற்றிய ஒரு டிரான்ஸ்ஃபார்மர். அந்தக் கம்பி தாங்குவது இத்தனை ஆம்பியர் என்று ஒரு வரம்பு உண்டு. 220-ல் 500 வி.ஏ. என்றால் கிட்டத்தட்ட 2.27 ஆம்பியர். உள்ளே 155 மட்டும் வந்தால் அதே 2.27 ஆம்பியருக்குக் கிடைப்பது 350 வி.ஏ.தான். அதாவது வோல்டேஜ் எவ்வளவுக்குக் குறைகிறதோ, பெட்டியின் பலமும் அவ்வளவுக்குக் குறைகிறது. உங்களுக்கு ஸ்டெபிலைசர் மிகவும் தேவைப்படும் ஏழு மணிக்குத்தான் அது மிகவும் பலவீனமாக இருக்கிறது. நல்ல பெட்டிகளின் கையேட்டில் இந்தக் குறைவை ஒரு கோட்டுப் படமாகவே போட்டிருப்பார்கள். அந்தப் படம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது விஷயம், புறப்படும் நேரத்துச் சுமை. ஃபிரிட்ஜின் கம்பிரஸருக்குள் இருப்பது ஒற்றைப் பேஸ் மோட்டார். நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் அந்த ஒரு விநாடிக்கும் குறைந்த நேரத்தில் அது ஓட்ட மின்னோட்டத்தைப் போல 6 முதல் 8 மடங்கு இழுக்கும். உங்களுடையதற்கு 8 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். கம்பிரஸர் மேல் ஒட்டியிருக்கும் சின்னத் தகட்டில் எல்.ஆர்.ஏ. என்று ஒரு எண் இருந்தால் அதுதான் சரியான அளவு, ஊகிக்க வேண்டியதில்லை. 220 வோல்ட்டில் 8 ஆம்பியர் என்பது 1760 வி.ஏ. அந்தக் கண நேரத்துக்கு எந்த டிரான்ஸ்ஃபார்மரும் சூடாகி எரிந்துவிடாது. ஆனால் சிறிய டிரான்ஸ்ஃபார்மரின் மெல்லிய கம்பியிலேயே வோல்டேஜ் விழுந்துவிடும். முகப்பில் 220 காட்டிக்கொண்டிருந்த பெட்டி, மோட்டார் கேட்கும் நொடியில் 170 மட்டுமே கொடுக்கும்.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், மோட்டாரின் திருப்பு விசை வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுகிறது. 230-ல் முழு விசை என்றால், 170-ல் அது 55 சதவீதம். ஸ்டெபிலைசரே இல்லாமல் 155-ல் புறப்பட்டால் 45 சதவீதம். வோல்டேஜ் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் விசை பாதிக்கும் கீழே போய்விடுகிறது. உங்கள் ஃபிரிட்ஜ் மாலையில் திணறுவதற்கு இது பாதிக் காரணம்.

1000 வி.ஏ. பெட்டி 155 வோல்ட்டில் ஏறக்குறைய 700 வி.ஏ. தரும். உங்கள் ஓட்டச் சுமையான 253-ஐப் போல இரண்டரை மடங்குக்கு மேல். நாங்கள் ஃபிரிட்ஜுக்குப் பார்க்கும் அளவு இதுதான்: உங்கள் வீட்டின் மிகக் குறைந்த வோல்டேஜில் பெட்டி தரும் பலம், ஓட்டச் சுமையின் இரண்டரை மடங்குக்குக் குறையக் கூடாது. 2000 வி.ஏ. வாங்கினாலும் தவறில்லை, ஆனால் உங்களுக்குத் தேவையில்லை. சும்மா இருக்கும்போதும் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் கொஞ்சம் மின்சாரம் தின்னும். ஒரே வி.ஏ. எழுதிய இரண்டு பெட்டிகளைக் கடையில் கையில் தூக்கிப் பாருங்கள். குறிப்பிடத்தக்க அளவு கனமாக இருப்பதில் இரும்பும் கம்பியும் அதிகம், அதையே எடுங்கள். இன்னொன்று: மிச்சப் பலம் இருக்கிறதே என்று அதே பெட்டியில் ரைஸ் குக்கரையோ மாவு அரைக்கும் கிரைண்டரையோ செருகினால் இந்தக் கணக்கு முழுவதும் வீணாகிவிடும்.

இனி தாமதத்துக்கு வருவோம். உங்கள் கேள்வியில் எங்களைக் கவலைப்பட வைத்தது அந்த 5 விநாடி ஆலோசனைதான்.

ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்போது கம்பிரஸர் ஒரு பக்கம் வாயுவை உறிஞ்சி மறுபக்கம் அழுத்தித் தள்ளுகிறது. பின்புறக் கருப்புக் குழாய்களில் அழுத்தம் அதிகம், உறைபெட்டிப் பக்கம் குறைவு. இரண்டையும் இணைப்பது கேப்பிலரி எனப்படும் செம்புக் குழாய். உள்விட்டம் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, நீளம் இரண்டு மூன்று மீட்டர் இருக்கும். கரண்ட் போனதும் அந்த மயிரிழைத் துளை வழியாகத்தான் வாயு கசிந்து இரு பக்கமும் சமனாக வேண்டும். அதற்கு 3 முதல் 5 நிமிடம் ஆகும். சாதாரண ஃபிரிட்ஜ் மோட்டாரை இரு பக்கமும் சமனாக இருக்கும்போது புறப்படத்தான் வடிவமைத்திருக்கிறார்கள். பத்து விநாடியில் கரண்ட் திரும்பினால், பிஸ்டன் முழு அழுத்தத்தை எதிர்த்து முதல் அடியைத் தள்ள வேண்டும். அதற்கான விசை 230 வோல்ட்டிலேயே அதற்குக் கிடையாது.

இதோடு இன்னொரு தடையும் சேர்கிறது. இப்போதைய சாதாரண ஃபிரிட்ஜ்களில் பெரும்பாலும் மோட்டாரைப் புறப்பட வைப்பது பி.டி.சி. என்ற சிறு பீங்கான் வில்லை. குளிர்ந்திருக்கும்போது அது மின்சாரத்தைப் புறப்பாட்டுச் சுருளுக்கு விடும்; ஒரு விநாடிக்குள் தானே சூடேறி அந்த வழியை அடைத்துவிடும். ஃபிரிட்ஜ் ஓடும் நேரம் முழுக்க அது சூடாகவே இருக்கும். கரண்ட் போய் அது ஆறவும் சில நிமிடங்கள் தேவை. அதற்குள் கரண்ட் வந்தால் வழி அடைபட்டே இருக்கும், புறப்பாட்டுச் சுருளுக்கு மின்சாரமே போகாது. மோட்டார் சுழலாமல் ‘உம்’ என்று நடுங்கும். அதுதான் நீங்கள் கேட்ட உறுமல்.

சுழலாத மோட்டார் அந்த 8 ஆம்பியரை ஒரு நொடிக்கல்ல, தொடர்ந்து இழுக்கிறது. சுருள் வேகமாகச் சூடாகிறது. சில விநாடிகளில் கம்பிரஸர் பக்கத்தில் உள்ள ஓவர்லோடு என்ற சிறு உலோக வில்லை வளைந்து இணைப்பைத் துண்டிக்கிறது: நீங்கள் கேட்ட ‘டக்’. அது ஆறியதும் மறுபடி இணைக்கும். அதற்குள் அழுத்தம் சமனாகியிருந்தால் ஃபிரிட்ஜ் ஓடத் தொடங்கும். இல்லையென்றால் மறுபடி உறுமல், மறுபடி ‘டக்’. ஒவ்வொரு முறையும் சுருள் கம்பியின் மேல் பூசிய மெல்லிய காப்புப் பூச்சு கொஞ்சம் கருகுகிறது. ஒரு நாளில் தெரியாது. மாலைதோறும் நடந்தால் ஒரு நாள் இரண்டு சுற்றுகள் தொட்டுக்கொண்டு கம்பிரஸரே போய்விடும். ஓவர்லோடு வில்லையும் எண்ணற்ற முறை வேலை செய்யக்கூடியதல்ல. அதன் முனைகள் தீய்ந்து ஒட்டிக்கொண்டால் துண்டிக்க ஆளில்லை.

ஸ்டெபிலைசரின் 3 நிமிடம், வாயு சமனாவதற்கும் பி.டி.சி. வில்லை ஆறுவதற்குமான நேரம். 5 விநாடி வைத்தால், ஸ்டெபிலைசர் நல்ல 220 வோல்ட்டையே கொடுத்தும் மோட்டார் இதே போல நின்று உறுமும். சொல்லப்போனால் வோல்டேஜ் உயர்ந்திருப்பதால் நின்ற மோட்டார் இன்னும் அதிகமாக இழுத்து இன்னும் விரைவாகச் சூடாகும். அந்தச் சிறு தாமதம் விளக்கு, டி.வி. போன்றவற்றுக்கானது. பட்டனை 3 நிமிடத்தில் வைத்து, வீட்டில் யாரும் தொடாதபடி மேலே ஒரு ஒட்டுத்தாள் ஒட்டிவிடுங்கள். ஃபிரிட்ஜ் வரவில்லையே, பெட்டி கெட்டுவிட்டதோ என்று பிள்ளைகள் கேட்டால், முகப்பில் எண் இறங்கிக்கொண்டிருக்கிறதா அல்லது மஞ்சள் விளக்கு எரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்; எண்ணி முடிந்ததும் தானே வரும். மூடிய ஃபிரிட்ஜில் மாவுக்கு அந்த 3 நிமிடம் ஒன்றுமே செய்யாது.

தாமதத்தால் இன்னொரு நன்மையும் உண்டு. நம் ஊர்களில் கரண்ட் திரும்பும்போது ஒரே தடவையில் வந்து நிற்பது அரிது. வரும், போகும், மறுபடி வரும். தெருவில் உள்ள எல்லா ஃபிரிட்ஜும் ஏ.சி.யும் ஒரே நேரத்தில் புறப்பட்டு வோல்டேஜை இழுத்துக் கீழே தள்ளும். ஜெனரேட்டரிலிருந்து மாற்றும்போதும் அப்படித்தான் தடுமாறும். 3 நிமிடம் ஒதுங்கி நிற்பதால் உங்கள் ஃபிரிட்ஜ் அந்தக் கலவரத்தைப் பார்க்காது.

பெட்டியை வாங்குமுன் கடையிலேயே இதைச் சோதியுங்கள். வெளிப்பக்கத்தில் ஒரு பல்பை மாட்டச் சொல்லி, சுவிட்சைப் போட்டுக் கைக்கடிகாரத்தைப் பாருங்கள். பல்பு எரிய 180 விநாடிக்கு அருகில் ஆக வேண்டும். எரிந்த பிறகு சுவர் சுவிட்சை அணைத்து, இரண்டு விநாடியில் மீண்டும் போடுங்கள். இப்போதும் முதலிலிருந்து முழு நேரமும் எண்ண வேண்டும். சில பெட்டிகளில் உள்ளே தேங்கிய மின்சாரம் தீருமுன் கரண்ட் வந்துவிட்டால், ஒன்றும் நடக்காதது போல உடனே பல்பை எரியவிட்டுவிடும். அப்படிச் செய்யும் பெட்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள். நம் கரண்ட் போய்வருவது அப்படித்தான். பெரிய பெட்டிகளில் நேர்வழி என்று இன்னொரு முனையோ சுவிட்சோ இருக்கும். அதில் திருத்தமும் இல்லை, தாமதமும் இல்லை. ஃபிரிட்ஜ் அதில் மாட்டப்படவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ரிலே வகையா, சர்வோ வகையா என்று கடைக்காரர் கேட்பார். ஃபிரிட்ஜுக்கு ரிலே போதும். அது 200 முதல் 240 வரை படிப்படியாகத் தரும், ஃபிரிட்ஜ் அதற்கு மேல் துல்லியம் கேட்பதில்லை. சர்வோவில் கார்பன் பிரஷ் தேயும், தூசிக்கு ஆகாது.

ஒரு விஷயத்தில் மட்டும் ஸ்டெபிலைசரால் உங்களுக்கு உதவ முடியாது: வீட்டுக்கு வரும் கம்பி. 155-ஐ 220 ஆக உயர்த்தும் பெட்டி, அந்தக் கூடுதலை எங்கிருந்தோ கொண்டுவருவதில்லை; கம்பியிலிருந்து அதிக ஆம்பியரை இழுத்துத்தான் தருகிறது. ஸ்டெபிலைசர் இல்லாமல் 155-ல் உங்கள் ஃபிரிட்ஜ் புறப்படும்போது கம்பியில் சுமார் 5.4 ஆம்பியர் ஓடும். ஸ்டெபிலைசர் வழியாக 220-ல் புறப்படும்போது கிட்டத்தட்ட 11. இரு மடங்கு. மீட்டரிலிருந்து வரும் கம்பி மெல்லியதாகவோ, எங்காவது முறுக்கிய இணைப்பு தளர்ந்தோ இருந்தால், அந்த நொடியில் 155 இன்னும் விழும்.

எவ்வளவு விழும் என்பதை ஃபிரிட்ஜைத் தொடாமலே அளக்கலாம். மாலை ஏழு மணிக்கு ஃபிரிட்ஜ் மாட்டும் அதே பாயிண்டில் வோல்டேஜைப் பாருங்கள். பிறகு அதே பாயிண்டில் 1000 வாட் இஸ்திரிப் பெட்டியைப் போட்டுவிட்டு மறுபடி பாருங்கள். 155 வோல்ட்டில் அது 3 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக இழுக்கும். வோல்டேஜ் 4 அல்லது 5 குறைந்தால், ஃபிரிட்ஜ் புறப்படும்போது 20 வரை குறைந்து 135 ஆகலாம். 130 எல்லை உள்ள பெட்டி சமாளிக்கும். 9 அல்லது 10 குறைந்தால், புறப்படும்போது 120-க்கு வந்துவிடும், எந்தப் பெட்டி வாங்கினாலும் பயன் குறைவு. அப்போது முதல் செலவு எலக்ட்ரீஷியனுக்கு: மீட்டரிலிருந்து அந்தப் பாயிண்ட் வரை தனியாக 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, இணைப்புகள் எல்லாம் திருகு வைத்து இறுக்கியதாக. கம்பத்திலிருந்து வரும் கம்பியே மோசம் என்றால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்தக் குறையைச் சோதிக்காமல் பெட்டியை மாட்டிவிட்டால், அதன் அடையாளம் இப்படி இருக்கும்: ஸ்டெபிலைசர் 3 நிமிடம் எண்ணும், ஃபிரிட்ஜைத் தொடங்கும், வீட்டு விளக்குகள் மங்கும், உடனே குறைந்த வோல்டேஜ் என்று துண்டிக்கும், மறுபடி 3 நிமிடம் எண்ணும். இரவு முழுக்க இதே சுற்று. பலர் இதைப் பார்த்துப் பெட்டி கெட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கடையில் நல்ல வோல்டேஜில் அது ஒழுங்காக வேலை செய்யும்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். சுவரில், எல்லாப் பக்கமும் ஒரு சாண் காற்றிடைவெளி விட்டு மாட்டுங்கள். மாவுத் தூசியும் அடுப்பு ஆவியும் படாத இடம் வேண்டும். எர்த் கம்பி ஸ்டெபிலைசர் வழியாக ஃபிரிட்ஜ் வரை தொடர்கிறதா என்று பாருங்கள், மூன்று முனைப் பிளக்கை இரண்டு முனையாக வெட்ட வேண்டாம். இன்னொன்றை நினைவில் வையுங்கள்: ஸ்டெபிலைசர் எண்ணுவது தனக்கு வரும் கரண்டை வைத்து. துடைப்பதற்காக ஃபிரிட்ஜின் பிளக்கை ஸ்டெபிலைசரிலிருந்து உருவிவிட்டு உடனே செருகினால் அதற்குத் தெரியாது. அப்போது நீங்களே 5 நிமிடம் காத்திருங்கள். தெர்மோஸ்டாட் திருகைப் பூஜ்யத்துக்குத் திருப்பி உடனே ஏற்றுவதும் அதே தவறு.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு இரண்டு சொல். கதவில் இன்வெர்ட்டர் கம்பிரஸர் என்று ஒட்டியிருந்தால், அது மெல்லத் தொடங்கும் வகை. புறப்பாட்டுச் சுமை மிகக் குறைவு, தாமதமும் அதன் சர்க்யூட் பலகையிலேயே இருக்கும். அதற்கு 500 வி.ஏ. போதுமாக இருக்கலாம். சீட்டில் உள்ள வோல்டேஜ் எல்லைக்குள் உங்கள் வீட்டு அளவு அடங்கினால் ஸ்டெபிலைசரே தேவைப்படாது. ஜப்பானிலிருந்து பழையதாக வந்த ஃபிரிட்ஜ் என்றால் சீட்டில் 100 வோல்ட் என்று இருக்கும். அதை 220 தரும் இந்தப் பெட்டியில் நேராக மாட்டினால் அன்றே எரிந்துவிடும். ஸ்டெபிலைசருக்குப் பிறகு 100 வோல்ட்டாக இறக்கும் தனி டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.

அம்மா, பெட்டி வாங்கும் வரை மாலையில் ஒன்று செய்யுங்கள். கரண்ட் போனதும் ஃபிரிட்ஜ் சுவிட்சை அணைத்துவிடுங்கள். கரண்ட் வந்து 5 நிமிடம் நிலைத்த பிறகு மீட்டரைப் பாருங்கள், 190-க்கு மேல் இருந்தால் மட்டும் போடுங்கள். ஏழு முதல் பத்து மணி வரை 155-லேயே நின்றால், அந்த நேரத்தில் போடாமல் மாவுப் பாத்திரத்தைச் சுற்றி ஐஸ்கட்டி வைத்துக் கதவைத் திறக்காமல் விடுவது நல்லது. 220 வோல்ட்டில், பத்து நிமிடம் ஆறவிட்ட பிறகும் அதே உறுமலும் ‘டக்’கும் வந்தால், ஏற்கெனவே பி.டி.சி. வில்லை போயிருக்கலாம். அது மலிவான பொருள். கம்பிரஸரை மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொல்லுமுன், அந்த வில்லையையும் ஓவர்லோடையும் மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.